இரண்டு எண்களில் ஒரு வகுப்பறை

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேசும் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்தரை வினாடி கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பதினைந்து சொற்களைத் தாண்டிவிடுவார். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்தார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் இந்த நேரத்தைத்தான் ஒலி நீடிப்பு நேரம் என்கிறோம்.

பள்ளிக் கட்டடத்துக்கான ஒலி வடிவமைப்புக் குறிப்பில் முதல் எண் இதுதான். பிரிட்டனில் பள்ளிகளுக்கான ‘பில்டிங் புல்லட்டின் 93’, புதிதாகக் கட்டும் தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கு 0.6 வினாடிக்கு மேல் கூடாது என்கிறது. அதுவும் பிள்ளைகள் இல்லாத வெற்று அறையில்.

நம் ஊரில் வழக்கமான அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம். சபைன் தந்த கணக்கு எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும். ஒலியை முழுதாக விழுங்கும் திறந்த ஜன்னலின் ஒரு சதுர மீட்டர்தான் அந்த உறிஞ்சுதலுக்கு அலகு. நம் அறையின் கன அளவு சுமார் 154 கன மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 24.7. சிமென்ட் பூச்சு, டைல்ஸ், கான்கிரீட் எல்லாம் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குகூட விழுங்குவது அரிது. 186 சதுர மீட்டர் பரப்பு முழுவதும் சேர்ந்தே ஐந்தரை சதுர மீட்டர் ஜன்னலுக்குத்தான் ஈடு. ஆக, நீடிப்பு நாலரை வினாடி! ஆறு சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்தால் அது இரண்டு வினாடிக்குச் சற்று மேலாக இறங்கும். ஆனால் அதே வழியில் தெருவின் ஹாரனும் உள்ளே வரும்.

0.6 வேண்டுமென்றால் 41 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுதல் தேவை. மேற்தளம் 48 சதுர மீட்டர். அங்கே ஒலியில் முக்கால் பங்கை விழுங்கும் பலகையைப் பதித்தால் 36 கிடைக்கும், கணக்கு நேராகிவிடும். ஆனால் அது தாளில்தான். எல்லாப் பஞ்சும் மேலேயே இருந்தால் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். சபைனின் கணக்கு இதைக் காட்டாது. அதனால் பின்சுவரிலும் கொஞ்சம் பலகை வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் இனிதான் வருகிறது. பஞ்சுப் பலகை அறைக்குள் சுற்றும் ஒலியை அடக்கும். பக்கத்து வகுப்பிலிருந்து வருவதை அது நிறுத்தாது. அதற்குச் சுவரின் கனமும் இடைவெளி இல்லாத பூச்சும் வேண்டும். குறிப்பின் இரண்டாவது எண் அதுதான்: வகுப்பறைகளுக்கிடையே 45 டெசிபல். இதைச் சுவரின் விற்பனைத் தாளில் பார்க்கக் கூடாது. கட்டி முடித்த இடத்தில் அளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வந்த எண் தளத்தில் சில டெசிபல் குறைந்தே வரும். ஆகவே இருபக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே பாதுகாப்பு. நாலரை அங்குலச் சுவர் விளிம்பிலேயே நிற்கும்.

இந்த எண்ணை வீழ்த்துவது செங்கல் அல்ல, இடுக்கு. 6 மீட்டர் நீளச் சுவரின் மேல் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் பரப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 45 டெசிபல் தடுத்த சுவர் வெறும் 30க்குப் போய்விடும். பக்கத்து ஆசிரியர் எந்தப் பாடம் நடத்துகிறார் என்பது இந்தப் பக்கம் சொல் சொல்லாகக் கேட்கும். ஃபால்ஸ் சீலிங்கை முதலில் தொங்கவிட்டு, தடுப்புச் சுவரை அதுவரை மட்டும் எழுப்பினால் நிலைமை இன்னும் மோசம். மேலே உள்ள வெற்றிடம் இரண்டு அறைகளுக்கும் பொது வழியாகிவிடும். எனவே குறிப்பில் இந்த வரி எழுதியே ஆக வேண்டும்: சுவர் கான்கிரீட் தளம்வரை போய் முட்ட வேண்டும், ஓரத்தைப் பூசி அடைக்க வேண்டும், அதன் பிறகுதான் சீலிங். 50 மில்லிமீட்டர் மரவிழைப் பலகையைத் தளத்திலேயே நேரடியாகப் பதித்துவிட்டால் இந்த வம்பே இல்லை; மின்விசிறிக் கொக்கிக்கும் இடம் தட்டாது. எனக்கு இந்த வழியே பிடிக்கும்.

கட்டடத்தைக் கையேற்கும் நாளில், பொருட்கள் வருமுன், காலி அறையில் பலூனை உடைத்து அடங்கும் நேரத்தை அளக்கலாம். பிறகு ஒரு அறையில் ஒலிபெருக்கியில் இரைச்சலை ஓடவிட்டு, இரண்டு அறைகளின் அளவையும் ஒப்பிட வேண்டும். எண் குறைந்தால் காதைச் சுவரோரம் வைத்து மேலிருந்து கீழே நகருங்கள். ஒலி திடீரென்று கூர்மையாகும் இடத்தில்தான் இடுக்கு இருக்கும்.