வஞ்சிரமா, சீலாவா?

வஞ்சிரம், சீலா இரண்டுமே நீண்ட உடலும் வெள்ளி நிறமும் கொண்டவை. வஞ்சிரத்தின் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகள் உண்டு. சில சீலா வகைகளிலும் அவை இருக்கும். மீன் பழசாகும்போது கோடுகள் மங்கிவிடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

துடுப்புகளே உறுதியான அடையாளம். வஞ்சிரத்தின் இரண்டு முதுகுத் துடுப்புகளும் அடுத்தடுத்து நிற்கும். அவற்றுக்குப் பின்னால், வால்வரை மேலும் கீழும் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருக்கும். சீலாவுக்குக் குட்டித் துடுப்புகள் கிடையாது. முதுகுத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். அதன் கீழ்த்தாடையும் முன்னே நீண்டிருக்கும்.

வஞ்சிரத்தின் செதில்கள் மிகச் சிறியவை. தோல் வழுவழுப்பாகவே தெரியும். சீலாவின் செதில்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். துண்டு போட்டபின் துடுப்பும் தலையும் இருக்காது; செதிலையும் சுரண்டியிருப்பார்கள். ஆகவே வெட்டுவதற்கு முன்பே முழு மீனைப் பார்த்துவிட வேண்டும்.