பால் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் போனஸ் கணக்கு

"ஐயா, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே அளவு பால்தான் ஊற்றினோம். அவருக்கு மட்டும் எப்படி கூடுதல் போனஸ்?" பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் செல்லும்போது இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. சில இடங்களில் இது சண்டையாகவும் மாறிவிடுகிறது. இதற்கான விடை சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அது அங்கே தெளிவாக எழுதப்படாததே பல தகராறுகளுக்குக் காரணம்.

போனஸ் எதன் மீது?

போனஸ் என்பது சங்கம் இனாமாகக் கொடுக்கும் பணம் அன்று. ஆண்டு முடிவில் கிடைத்த நிகர லாபத்தில், சட்டமும் சங்கத்தின் துணை விதிகளும் சொல்லும் நிதிகளுக்கு ஒதுக்கியது போக, உறுப்பினர்களுக்கென்று பிரிக்கும் பகுதியே அது. பங்குத் தொகைக்குக் கிடைப்பது பங்கு ஈவு. ஊற்றிய பாலுக்குக் கிடைப்பது போனஸ். எனவே நூறு பங்கு வைத்திருந்தாலும் பால் ஊற்றாதவருக்குப் போனஸ் கிடையாது.

தணிக்கை முடிந்து லாபம் உறுதியான பின்னரே நிர்வாகக் குழு இதைப் பரிந்துரைக்கும். பேரவைக் கூட்டம் ஒப்புதல் தரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

ஒரு சங்கம் ஓராண்டில் உறுப்பினர்களிடம் 3,00,000 லிட்டர் பால் கொள்முதல் செய்ததாகவும், அதற்காக ரூ.96,00,000 பட்டுவாடா செய்ததாகவும் வைத்துக்கொள்வோம். போனஸுக்கு ஒதுக்கியது ரூ.1,20,000. இதைப் பால் பணத்தால் வகுத்தால் நூறு ரூபாய்க்கு ரூ.1.25 வருகிறது. இதுவே போனஸ் விகிதம்.

இப்போது அந்த இருவரையும் பார்ப்போம். இருவரும் 1,500 லிட்டர் ஊற்றியவர்கள். ஒருவரின் பசும்பாலுக்குச் சராசரி விலை லிட்டர் ரூ.30, அவர் பெற்ற பால் பணம் ரூ.45,000. மற்றவரின் எருமைப் பாலில் கொழுப்பு கூடுதல், லிட்டருக்கு ரூ.44 வீதம் ரூ.66,000 பெற்றார். முதலாமவருக்குப் போனஸ் ரூ.562.50, இரண்டாமவருக்கு ரூ.825. வேறுபாட்டின் காரணம் இதுவே.

லிட்டர் கணக்கில் பிரித்திருந்தால், லிட்டருக்கு 40 காசு வீதம் இருவருக்கும் ரூ.600 வந்திருக்கும். எனவே "போனஸ் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் போதாது. மொத்தத் தொகை, விகிதம், பால் பணத்தின் மீதா அளவின் மீதா, எந்த ஆண்டுக்கு என்ற நான்கும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். எந்த அடிப்படை என்பதைத் துணை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்முதல் கணக்கு பொருந்துகிறதா?

விகிதம் சரியாக இருந்தாலும், அடியில் உள்ள பால் கணக்கு தவறினால் எல்லாம் தவறிவிடும். நம் உதாரணச் சங்கம் 2,76,000 லிட்டரை ஒன்றியத்துக்கு அனுப்பியது. 23,400 லிட்டரை உள்ளூரில் விற்றது. மீதி 600 லிட்டர் மாதிரிப் பாலும் சிந்தல் சேதமும். கூட்டினால் 3,00,000 சரியாக வருகிறது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடை இருக்கும். ஒன்றியத்தில் எடைபோட்டு 2,84,280 கிலோ என்று எழுதியதைச் சங்கத்தில் லிட்டராக ஏற்றிவிட்டால், வாங்கியதைவிடக் கணக்கில் 8,280 லிட்டர் கூடுதலாகத் தோன்றும். பால் நூற்றுக்கு மூன்று பங்கு பெருகிவிட்டதுபோல் கணக்கு வந்தால், முதலில் இந்தக் கிலோ–லிட்டர் குழப்பத்தையே தேடுங்கள். அது இல்லாமலும் கூடுதல் வந்தால், உறுப்பினர்களிடம் அளக்கும்போது குறைத்து அளக்கிறார்களா, அனுப்பும் பாலில் தண்ணீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வியாபாரியின் பால் ஓர் உறுப்பினரின் பெயரில் ஏறுவது. ஒதுக்கிய ரூ.1,20,000 மாறாது, வகுக்கும் தொகை மட்டும் பெரிதாகும். ஆகவே எல்லோருடைய விகிதமும் குறையும். ஒரு மாடு வைத்திருப்பவர் பெயரில் நாள்தோறும் முப்பது லிட்டர் ஏறினால், கூட்டத்தில் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை பால் பணம் வாங்கும்போது, உங்கள் அட்டையில் உள்ள லிட்டரையும் தொகையையும் கூட்டி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆண்டு முடிவில் அந்தக் கூட்டுத்தொகையை நூறால் வகுத்து விகிதத்தால் பெருக்கினால் உங்கள் போனஸ் வந்துவிடும்.

பிறகு பட்டுவாடாப் பட்டியலின் மொத்தம் தீர்மானத்தில் உள்ள தொகையோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்காதவர்களின் பணம் "கொடுபட வேண்டியது" என்று கணக்கில் தனியே நிற்க வேண்டும். அவர்கள் பெயருக்கு நேரே வேறு கையொப்பம் இருந்தால் அது தவறு. தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டால், வங்கிப் புத்தகத்தில் ஏறிய தேதியைச் சரிபாருங்கள்.

வேறுபாடு தெரிந்தால் முதலில் செயலாளரிடமும், பின்னர் நிர்வாகக் குழுவிடமும் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பால்வளத் துணைப் பதிவாளர் அலுவலகத்தை அணுகலாம். வாய்ப்பேச்சாகச் சொல்வதைவிட, உங்கள் நோட்டுக் கணக்கையும் தீர்மானத்தின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு எழுதினால் விரைவில் விடை கிடைக்கும்.