பார்சல் மெயிலில் மூன்று எடைகள்

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா லண்டனில் இருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு பெட்டி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை, முறுக்கு, இரண்டு சட்டை, இட்லிப் பானை. பட்டியலைப் பார்த்து ஒப்புதல் கேட்டு கூரியர் நிறுவனம் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புகிறது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான் பெரியம்மா, எடை 13 கிலோவாம்" என்கிறான். தராசில் எட்டரை கிலோகூட வரவில்லையே என்று அவர் திகைக்கிறார்.

பையன் பொய் சொல்லவில்லை, பாதியை விட்டுவிட்டான். மெயிலில் நெட் வெயிட் 7 கிலோ என்று இருக்கும். அது பொருள்களின் எடை மட்டும். கிராஸ் வெயிட் 8.4 கிலோ, பெட்டியும் பொதியும் சேர்ந்தது. மூன்றாவது, பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலான கூரியர்கள் 5000-ஆல் வகுக்கிறார்கள். மூன்று பக்கமும் 40 என்றால் 12.8 கிலோ. எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அரை கிலோ கணக்கில் ஏற்றினால் 13. தமிழில் சொல்லும்போது மூன்றுக்கும் 'எடை' என்று மட்டும் போட்டால் சண்டைதான் வரும். 'பொருள் எடை', 'பெட்டியோடு எடை', 'கட்டணத்துக்கான எடை' என்று பிரித்து எழுதினால், சின்னப் பெட்டிக்கு மாற்றலாமே என்று அந்த அம்மாவுக்கே தோன்றும்.

பட்டியலைச் சுருக்கவே கூடாது. 'துணிமணி, பலகாரம்' என்று சொல்வது சுலபம். ஆனால் வரி அந்த வரிகளில்தான் இருக்கிறது. பிரிட்டனில் தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 39 பவுண்டு வரை இறக்குமதி வாட் கிடையாது. தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும் வாட் உண்டு. 60 பவுண்டுப் பெட்டிக்கு 20 சதவீதம் என்றால் குறைந்தது 12 பவுண்டு.

அதே பெட்டியில் மகளுக்கு 35, மருமகனுக்கு 25 என்று தனித்தனியாகச் சுற்றி, பெயர் எழுதி, பட்டியலிலும் பிரித்துக் காட்டியிருந்தால் இருவருக்கும் சலுகை தனித்தனியே கிடைக்கும். மெயிலில் இரண்டு பெயர் இருந்தால் தமிழிலும் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால், பெட்டி கிளம்புவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

சுங்கவரி வேறு, வாட் வேறு. பரிசின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டாதவரை பொதுவாகச் சுங்கவரி இல்லை. இரண்டையும் 'வரி' என்று ஒன்றாக்கினால், "வரி கிடையாதுன்னு போட்டிருக்கு" என்ற தவறான நிம்மதிதான் மிஞ்சும்.

கடைசியில் DAP என்று மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே கேட்கும் வரியை மகள்தான் கட்ட வேண்டும். DDP என்றால் இங்கேயே அனுப்புகிறவர் தலையில். DAP-இல் கூரியர் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்பது வழக்கம். அது மகளுக்குத் தெரியாமல் போய், ஏதோ மோசடிக் குறுஞ்செய்தி என்று அவர் ஒதுக்கிவிட்டால், பெட்டி கிடங்கில் கிடந்து திரும்பிவரவும் வாய்ப்புண்டு.