பன்னிரண்டு லட்சம் எத்தனை முறை சுழலும்?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் என்ன என்று கேட்டால், விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி என்று சட்டென்று பதில் வந்துவிடும். அந்தக் கம்பெனி பணத்துக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல நிறுவனங்கள் முடங்கிப்போவது அந்த இடத்தில்தான்.

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் போடும் 300 விவசாயிகள் ஒன்று சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு போட்டால் 6 லட்சம். மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில் அதற்கு ஈடான பங்கு மானியம் உண்டு. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய். ஆக, கையில் 12 லட்சம். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். பங்கை வெளியாருக்கு விற்கவும் முடியாது. இந்த இரண்டும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து எடுத்துக்கொண்டவை.

அறுவடை வருகிறது. ஆளுக்கு ஓர் ஏக்கர், ஏக்கருக்கு 25 குவிண்டால் என்றால் மொத்தம் 7,500 குவிண்டால். விலை 2,200 ரூபாய் என்று வைத்தால், 12 லட்சத்துக்கு 545 குவிண்டால்தான் வாங்க முடியும். அதை நாமக்கல் தீவன ஆலைக்கு அனுப்பினால், பணம் வர ஒரு மாதம் ஆகிறது என்போம். வந்த பணத்தில் மறுபடி வாங்கலாம். ஆனால் அறுவடைக் காலமே இரண்டு, இரண்டரை மாதம்தான். பணம் மூன்று முறை சுழன்றாலும் ஏறக்குறைய 1,600 குவிண்டால்தான் வாங்க முடியும். மீதி முழுவதும் வியாபாரியிடம் போய்விடும்.

ஆலை 2,350 ரூபாய் கொடுக்கிறது. லாரி வாடகை, ஏற்றுக்கூலிக்கு 90 போனால் குவிண்டாலுக்கு 60 நிற்கும். 1,600 குவிண்டாலுக்கு 96 ஆயிரம். முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25 ஆயிரம் சம்பளம் என்றால் வருடத்துக்கு 3 லட்சம். நிர்வாகச் செலவுக்கான அரசு உதவி மூன்று ஆண்டுகள்தான். அதுவரை நஷ்டம் வெளியே தெரியாது. நான்காம் ஆண்டில் அலுவலகத்துக்குப் பூட்டு விழுவது இந்தக் கணக்கால்தான். விவசாயிகளுக்குள் ஒற்றுமை இல்லை என்று பேசுவதெல்லாம் அப்புறம்தான் வருகிறது. 7,500 குவிண்டாலும் வந்திருந்தால் நாலரை லட்சம் நின்றிருக்கும், சம்பளம் போக மிச்சமும் இருந்திருக்கும்.

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உறுப்பினர் கொண்டுவரும் விளைபொருளுக்கு முழு விலையையும் உடனே தரவேண்டியதில்லை. ஒரு பகுதியை நிறுத்திவைத்து, விற்ற பிறகு கொடுக்கலாம். வருடக் கடைசியில் மிஞ்சும் உபரியிலும் ஊக்கத்தொகை உண்டு. அது யார் எவ்வளவு பங்கு போட்டார் என்பதைப் பார்த்து அல்ல, யார் நிறுவனத்தோடு எவ்வளவு வியாபாரம் செய்தார் என்பதைப் பார்த்துப் பிரிக்கப்படும். 2,200-க்குப் பதில் முதலில் 2,000 கொடுத்தால் அதே 12 லட்சத்தில் 600 குவிண்டால் வாங்கலாம். கூடுவது பத்தில் ஒரு பங்குதான். தவிர, விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தந்த வியாபாரி களத்து மேட்டிலேயே ரொக்கத்தோடு நிற்கும்போது, மீதியை அப்புறம் தருகிறோம் என்பது எத்தனை பேருக்குச் செல்லும்?

பால் கூட்டுறவுச் சங்கங்கள் இந்தச் சிக்கலில் இவ்வளவு மாட்டிக்கொள்வதில்லை. காலையில் ஊற்றிய பால் அன்றைக்கே ஒன்றியத்துக்குப் போய்விடுகிறது. பட்டுவாடா ஒழுங்காக நடந்தால் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசு வந்துவிடும். அதனால் சிறிய முதல் வருடம் முழுக்கச் சுழல்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும், அதற்கும் மேலே மாநிலத் தலைமை வங்கியும் இருக்கின்றன. பயிர்க்கடன் பணம் அந்தப் படிகளில் இறங்கி வருகிறது. பதிலுக்குச் சங்கம் பதிவாளரின் பிடியில் இருக்கும். நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரம்கூட அவருக்கு உண்டு. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அந்தப் பிடி இல்லை, பணம் இறங்கிவரும் அந்தப் படிகளும் இல்லை.

ஒரு நிறுவனம் எப்படி இருக்கிறது என்று அறிய ஆண்டறிக்கையில் மொத்த விற்றுமுதலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதில் உரமும் பூச்சிமருந்தும் விற்றது எவ்வளவு, உறுப்பினர் விளைவித்ததை வாங்கி விற்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது மட்டும் பெரிதாக இருந்தால் அது பங்குதாரர்கள் உள்ள உரக்கடை. அது தப்பில்லை, பலருக்கு மூச்சுவிட இடம் தருவதும் அதுதான். ஆனால் விளைச்சலுக்கு விலை வாங்கித் தரும் வேலை அங்கே நடக்கவில்லை.

முதல் போதாத இடத்தில் சரக்கைக் கிடங்கில் வைத்து, அந்த ரசீதின் பேரில் கடன் வாங்குவது நல்ல வழி. வங்கி தரும் பணத்தில் அடுத்த லோடு வாங்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கவும் செய்யலாம். மக்காச்சோளத்தில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு கண்ட சரக்கை ஆலை திருப்பி அனுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை பின்தங்கி அறுவடையோடு மோதுகிற வருடங்களில் காயவைக்கக் களம் இல்லாத நிறுவனத்துக்குக் கிடங்கு ரசீதும் கிடைக்காது. அதனால் மானியத்தில் முதலில் என்ன வாங்குவது என்று இயக்குநர் குழு கூடிப் பேசும்போது, டிராக்டருக்கு முன்னால் சிமென்ட் களத்தையும் ஈரப்பதமானியையும் கேட்பவர்கள்தான் கணக்குத் தெரிந்தவர்கள்.