நெஞ்சுக்கறி ஏன் வெளுத்திருக்கிறது?

கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியிருக்கும். தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். இரண்டிலும் ஓடுவது ஒரே இரத்தம்தான். வேறுபடுவது தசை செய்யும் வேலை. கோழி பகல் முழுதும் நின்றும் நடந்தும் குப்பையைக் கிளறுகிறது. சிறகையோ நாய் துரத்தும்போது மதிலேறத்தான் படபடவென்று அடிக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சுத் தசையே கருஞ்சிவப்பு.

வெளிறிய தசை, சட்டென்று சுருங்கும் இழைகளால் ஆனது. அவை சேமித்துவைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அதனால் விரைவில் களைக்கின்றன. சிவந்த இழைகள் களைக்காமல் உழைப்பவை. அவற்றில் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் புரதம்தான் மயோகுளோபின். இந்தச் சிவப்பில் பெரும்பங்கு அதனுடையது. கறியைக் கழுவும்போது வடியும் சிவந்த நீரைப் பலரும் இரத்தம் என்றே எண்ணுகிறார்கள். அதன் நிறமும் பெரும்பாலும் மயோகுளோபின் தருவதே.

மயோகுளோபினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அது ஒரே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் இரும்பால்தான் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. ஆனால் பிடியின் இறுக்கம் வேறு. ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கும்போதே ஹீமோகுளோபின் பாதிச் சுமையை இறக்கிவிடும். மயோகுளோபின் அந்த அளவுக்குக் கைவிட, அழுத்தம் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு விழ வேண்டும். ஆகவே அது இரத்தத்திடமிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, இழைக்குள் தட்டுப்பாடு முற்றும்போதுதான் விடுகிறது.

இதயத்தில் இதன் பயன் துடிப்புக்குத் துடிப்பு தெரியும். இடது கீழறை சுருங்கும் அந்த ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கு நேரத்தில், சுவருக்குள் ஓடும் நாளங்கள் நசுங்கி, உட்புறத் தசைக்கு இரத்தம் ஏறக்குறைய நின்றுபோகிறது. அந்த இடைவெளியைக் கடக்க மயோகுளோபினின் கையிருப்பு உதவுகிறது. மனிதத் தசையில் இந்தக் கையிருப்பு சிறியது. கடும் உழைப்பில் சில நொடிகளுக்கே வரும்.

ஒரு மணி நேரம் வரை மூச்சடக்கி மூழ்கும் விந்துத் திமிங்கிலத்தின் கதை வேறு. அதன் தசையில் மயோகுளோபின் மனிதத் தசையில் உள்ளதைப்போல் பத்து மடங்கு அளவுக்கு உண்டு. கறி கிட்டத்தட்ட கறுப்பாகவே தெரியும். ஜான் கெண்ட்ரூ 1958-இல் முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவைக் கண்டறிந்தபோது, அவர் எடுத்துக்கொண்டது இந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபினைத்தான்.

இவ்வளவு நெருக்கமாக அடைத்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுமே என்ற கேள்விக்கு 2013-இல் விடை கிடைத்தது. ஆழமாக மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபின் பரப்பில் நேர்மின்னூட்டம் மிகுதி. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்குவதால், எத்தனை நெருங்கினாலும் அவை ஒட்டிக்கொள்வதில்லை.