ஓரத்து முகம் நடுவுக்கு வரும்போது

கல்யாண மேடையில் குரூப் போட்டோ எடுப்பவர் ஒரே வரிசையை மூன்று நான்கு முறை எடுத்துவைப்பது வழக்கம். ஒன்றில் மாப்பிள்ளை நன்றாக இருப்பார், பாட்டி கண்ணை மூடியிருப்பார். அடுத்ததில் பாட்டி அழகாகச் சிரிப்பார், மாப்பிள்ளை யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆல்பம் வடிவமைப்பவர் இரண்டாவது படத்திலிருந்து பாட்டியின் தலையை எடுத்து முதல் படத்தில் வைத்து, கழுத்தருகே விளிம்பை மென்மையாக்கிவிடுவார். ஆல்பம் வேலையில் இது அன்றாடம் நடப்பது.

பல நேரம் ஒட்டு தெரியாது, நிறமும் ஒத்துப்போகும். ஆனாலும் வீட்டார் பார்த்தவுடன், “பாட்டி முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். தாடை ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும், கன்னம் அகன்றிருக்கும். எடுத்த படத்தில் அந்த முகம் ஓரத்தில் இருந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் அதேபோல இழுபட்டிருந்ததால் கண் அதை ஏற்றுக்கொண்டது. நடுவுக்குக் கொண்டுவந்ததும், இழுபடாத முகங்களுக்கு இடையே அது தனித்துத் தெரிகிறது.

ஓரத்து முகம் ஏன் இழுபடுகிறது? இருட்டில் டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் வட்டமாக விழும். நின்ற இடத்திலிருந்தே டார்ச்சைப் பக்கவாட்டில் திருப்பினால் வட்டம் நீள்வட்டமாகும், திருப்பத் திருப்ப நீளும். கேமராவுக்குள் நடப்பதும் இதுதான். ஓரத்தில் நிற்பவரிடமிருந்து வரும் ஒளி தட்டையான சென்சாரில் சாய்ந்து விழுகிறது. அதனால் உருண்டையான எதுவும் படத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் நீள்கிறது. பக்க ஓரத்தில் இருப்பவர் அகலமாவார். மூலையில் இருப்பவரின் முகம் மூலையை நோக்கிக் கோணலாக இழுபடும்.

எவ்வளவு இழுபடும் என்பது லென்ஸைப் பொறுத்தது. முழு ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் பக்க ஓரத்தில் இழுவை சுமார் 6 சதவீதம்தான், யாரும் கவனிக்கமாட்டார்கள். 35 மி.மீ. என்றால் 12 அல்லது 13 சதவீதம். இட நெருக்கடியுள்ள மண்டபங்களில் பலரும் போடும் 24 மி.மீ. லென்ஸில் பக்க ஓரத்தில் 25 சதவீதமும் கடைசி மூலையில் ஏறத்தாழ 35 சதவீதமும் வரும். 16 மி.மீ. லென்ஸில் பக்க ஓரத்து முகமே ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும்.

இதை லென்ஸின் குறை என்று எண்ணி, மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை இயக்கிவிட்டு முடிந்தது என்று இருப்பவர்கள் உண்டு. அந்தத் திருத்தம் செய்வது வேறு வேலை. வளைந்து விழுந்த தூணையும் உத்தரத்தையும் அது நேராக்கும். பீப்பாய் போல வெளிப்புறம் வளைந்த படத்தை நேராக்கும்போது மூலைகளை இன்னும் கொஞ்சம் வெளியே இழுக்கவும் செய்யும். கோடுகள் நேராக இருக்கவேண்டும் என்றால் உருண்டைகள் நீளத்தான் வேண்டும். தட்டையான படத்தில் இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.

ஓவியர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. வத்திக்கானில் ரஃபேல் 1509 முதல் 1511 வரை தீட்டிய ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்தின் வலது ஓரத்தில் இருவர் கையில் கோளங்கள் இருக்கின்றன. கட்டடம் முழுவதையும் கறாரான தூரக்காட்சி விதிப்படி வரைந்தவர் அந்தக் கோளங்களை மட்டும் சரியான வட்டமாக வரைந்தார். விதிப்படி அவை நீள்வட்டமாக இருந்திருக்கவேண்டும், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது கோளமாகத் தெரியாது. 2019இல் கூகுள் ஆய்வாளர்கள் கைபேசிப் படங்களுக்காக வெளியிட்ட முறையும் இதே வழியில்தான் போகிறது. பின்னணிக் கோடுகளை நேராகவே விட்டுவிட்டு, முகங்களை மட்டும் உருண்டையின் வடிவம் கெடாத வேறொரு வீழலுக்கு மாற்றுகிறது. ஆகவே படம் கைபேசியில் எடுத்ததென்றால், முகங்கள் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். இல்லையேல் ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்து முகத்தை ஒடுக்கிவிடுவோம்.

இனி ஒரு கணக்கு. 6000க்கு 4000 பிக்சல் அளவுள்ள படம், முழு ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால் லென்ஸின் 24 மி.மீ. குவியத்தூரம் பிக்சல் கணக்கில் 4000 ஆகிறது. முதல் படத்தில் பாட்டி முன்வரிசையில், மையத்துக்கு இடப்பக்கம் 800 பிக்சல், கீழே சுமார் 850 பிக்சல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. அதற்குள் வலது ஓரத்தில் நாலைந்து பேர் வந்து சேர, போட்டோ எடுப்பவர் நின்ற இடத்திலேயே கேமராவை வலப்பக்கம் திருப்பி இரண்டாவது படம் எடுக்கிறார். அதில் பாட்டி சிரிக்கிறார். ஆனால் இடது கீழ் மூலைப் பக்கம் போய்விட்டார்: மையத்திலிருந்து இடப்பக்கம் 2600, கீழே 1000.

இரண்டாவது படத்தில் மையத்திலிருந்து அவர் முகத்துக்குள்ள நேர்த்தூரம் சுமார் 2786 பிக்சல். இதை 4000ஆல் வகுத்தால் 0.70. இழுவைக்கான சூத்திரம் எளிது:

```
k = √(1 + (r/f)²)
```

இதில் r மையத்திலிருந்து முகம் உள்ள தூரம், f குவியத்தூரம், இரண்டும் பிக்சலில். விடை 1.22. அதாவது மூலையை நோக்கிய திசையில் முகம் 22 சதவீதம் கூடுதலாக நீண்டிருக்கிறது. முதல் படத்தில் அவர் இருந்த இடத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 1.04 வருகிறது. அந்த நான்கு சதவீதத்தை விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கு சரியாக வர, படம் வெட்டப்படாததாக இருக்கவேண்டும். ஓரத்தை வெட்டிவிட்டால் நாம் மையம் என்று நினைக்கும் இடம் லென்ஸின் மையமாக இருக்காது. லென்ஸ் திருத்தத்தை இரண்டு படங்களுக்கும் முதலிலேயே செய்துவிடவேண்டும். சூத்திரம் நேர்கோடுகள் நேராக உள்ள படத்துக்கானது.

இனித் திருத்தம். இழுவை கிடைமட்டமாக இல்லை, மூலையை நோக்கி 21 டிகிரி சாய்வில் இருக்கிறது. வெறுமனே அகலத்தைக் குறைத்தால் முகம் ஒடுங்கும், கோணல் அப்படியே நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தலையைக் கழுத்தோடு தாராளமாக வெட்டித் தனி லேயரில் வைத்து, கடிகாரத் திசையில் 21 டிகிரி சுழற்றவேண்டும். இப்போது இழுவையின் திசை படுக்கைக்கோடாகிவிட்டது. சுழற்சியை உறுதிசெய்தபின் அகலத்தை மட்டும் 82 சதவீதமாக்கவேண்டும், 1ஐ 1.22ஆல் வகுத்தால் கிடைப்பது அது. பிறகு எதிர்த்திசையில் 21 டிகிரி சுழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்துச் செய்தால் சுழற்சிக்குப் பிறகும் சட்டம் சாய்ந்தே நிற்கும், அகலத்தைக் குறைப்பது தவறான திசையில் போய்விடும். சாதாரண லேயரில், நகல் எடுத்துச் செய்வது நல்லது.

வடிவம் சரியானதும் அளவைப் பார்க்கவேண்டும். கேமரா திரும்பியதால் பாட்டியின் முகம் மொத்தமாகவும் பெரிதாகியிருக்கிறது. 1.22ஐ 1.04ஆல் வகுத்தால் 1.17. ஆகவே நீளம் அகலம் இரண்டையும் சேர்த்துச் சுமார் 85 சதவீதமாக்கவேண்டும். கேமரா அசையாமல், எல்லோரும் ஒரே நேர்வரிசையில் நின்ற படத்தில் ஓரத்தவரின் உயரம் நடுவிலிருப்பவரின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமாகவே இருக்கும், அகலம்தான் கூடும். அங்கே இந்த இரண்டாவது சுருக்கம் தேவைப்படாது.

சரியாக வந்ததா என்று பார்க்க முதல் படத்திலேயே அளவுகோல் இருக்கிறது. பாட்டியின் கண் மூடியிருந்தாலும் கண்களின் வெளி முனைகள் தெரிகின்றன. அந்த இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தையும், புருவ நடுவிலிருந்து மூக்கடி வரையுள்ள நீளத்தையும் இரு படங்களிலும் அளந்து விகிதம் பார்க்கலாம். வாயை இதற்கு எடுக்கக்கூடாது, சிரித்தால் அது அகன்றுவிடும். நெற்றியில் வட்டப் பொட்டு இருந்தால் அது நீள்வட்டமாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பது விரைவான சோதனை.

இந்தக் குறிப்பிட்ட நிலைமைக்கு இன்னும் துல்லியமான ஒரு வழியும் உண்டு. போட்டோ எடுத்தவர் கால் நகராமல் கேமராவை மட்டும் திருப்பியிருந்தால், இரண்டு படங்களுக்கும் உள்ள உறவு முழுக்கக் கணிதத்துக்குள் அடங்கும். இரண்டையும் இரு லேயர்களாக அடுக்கி, முதல் படத்தை லாக் செய்து, Edit மெனுவில் Auto-Align Layers எடுத்து Perspective தேர்ந்தால், இரண்டாவது படம் முதல் படத்தின் தளத்துக்கு வளைந்து வந்து பொருந்தும். பாட்டியின் முகமும் அந்த இடத்துக்கு வேண்டிய வடிவத்தோடும் அளவோடும் வந்துவிடும், சுழற்றிச் சுருக்கும் வேலையே இல்லை. ஆனால் அவர் இரண்டடி நகர்ந்திருந்தால் மேடை அலங்காரம் பொருந்தும், முன்வரிசை முகங்கள் பொருந்தாது. அப்போது கையால் செய்வதுதான் வழி.

எந்தத் திருத்தமும் மாற்றமுடியாதது முகம் திரும்பியிருக்கும் கோணம். மூலையில் இருந்தவர் லென்ஸைப் பார்த்திருந்தால் நேர்முகம் கிடைக்கும், அதை எங்கும் வைக்கலாம். அவர் தன் எதிரே நேராகப் பார்த்திருந்தால், லென்ஸுக்கு அவருடைய முகத்தின் ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேல் திரும்பித் தெரிந்திருக்கும். ஒரு காது முழுதாகத் தெரியும், மற்றது மறைந்துபோகும். வடிவத்தை எவ்வளவு சரிசெய்தாலும் அந்தத் தலை புதிய இடத்தில் வேறெங்கோ பார்ப்பதாகவே தோன்றும். அத்தகைய முகத்தை எடுக்காமல் விட்டு, வேறு படம் தேடவேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் எடுத்த நல்ல முகத்தை மூலையிலிருக்கும் உடம்பின் மேல் வைக்கும்போது, முகம் ஒல்லியாகவும் தோள் அகலமாகவும் போய், கழுத்து எங்கோ தொடங்கி எங்கோ முடியும். அங்கே அதே சூத்திரத்தைத் தலைகீழாக்கி, அந்த இடத்துக்குரிய அளவு முகத்தை மூலையை நோக்கி இழுத்துவிடவேண்டும். அழகான முகத்தை வேண்டுமென்றே இழுப்பதற்குக் கை தயங்கும், ஆனாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். முகங்களை மாற்றியபின் முழுப் படத்தையும் ஒன்றாகத் திருத்த நினைப்பவர்களுக்கு DxO ViewPoint போன்ற மென்பொருள்களில் தனி வசதி இருக்கிறது. அதைக் கடைசியில்தான் இயக்கவேண்டும். முன்பே இயக்கினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

படம் எடுக்கும்போதே இந்த வேலையில் பாதியைத் தவிர்க்கலாம். இடம் இருந்தால் பின்னால் போய் 35 மி.மீ. லென்ஸில் எடுப்பது, இரு ஓரத்திலும் ஒரு ஆள் அகலம் வெற்றிடம் விடுவது, கண் சிமிட்டும் பெரியவர்களையும் குழந்தைகளையும் நடுப்பக்கம் உட்காரவைப்பது, ஆள் வந்து சேர்ந்தால் கேமராவைத் திருப்பாமல் வரிசையையே நகரச் சொல்வது. ஒரே சட்டத்தில், அசையாத கேமராவில், அடுத்தடுத்து எடுத்த இரு படங்களில் ஓரத்து முகம் இரண்டிலும் ஒரே அளவுதான் இழுபட்டிருக்கும். அதை எடுத்து அதே இடத்தில் வைக்க எந்தத் திருத்தமும் வேண்டாம்.