பார்வையற்ற வாடிக்கையாளருக்குப் படத்தோடு என்ன எழுதித் தருவது?

வெள்ளிமலைச் சந்தையில் பார்வையற்ற ஒருவர் சாமை வாங்க வந்தால் அவருக்கு நாம் தனியாக எதையும் எழுதித் தர வேண்டியதில்லை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார், விரல்களுக்கிடையே உருட்டுவார், மணம் பார்ப்பார், "உமி நிக்குதே, எப்பக் குத்தினது?" என்று நம்மையே மடக்குவார். அதே மனிதர் கைப்பேசியில் நம் சரக்கைத் தேடும்போது கையும் மூக்கும் உதவுவதில்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் ஒன்றுதான் அவருக்குத் துணை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதற்கு டாக்பேக் என்று பெயர். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள்.

இது எழுத்தைப் படிக்கும். படத்தை நாம் சொன்னால்தான் சொல்லும். நாம் ஒன்றும் எழுதாவிட்டால் பல இடங்களில் "படம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும், அல்லது கோப்பின் பெயரான எண்களையும் எழுத்துக்களையும் ஒப்பிக்கும். இப்போது சில கைப்பேசிகள் தாமாகவே படத்தைப் பார்த்து வர்ணிக்கின்றன. ஆனால் அவை படத்தில் தெரிவதைத்தான் சொல்லும், பைக்குள் இருப்பதை அல்ல. இந்த வேறுபாட்டை வணிக நண்பர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் இப்போது நம்மில் பலர் சரக்கைப் படம் எடுப்பதில்லை. கணினியை வரைந்து தரச் சொல்கிறோம். போட்டோகிராபர் கூலி மிச்சம், படமும் பளிச்சென்று இருக்கிறது. நாங்கள் சாமை அரிசிக்கு அப்படி ஒரு படம் கேட்டுப் பார்த்தோம். மண் சட்டி, வாழை இலை, பின்னால் மலை எல்லாம் வந்தன. சட்டியில் இருந்த மணியோ மஞ்சள் நிறம். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கதிர் நரிவால் போல அடர்ந்து தொங்கியது. அது தினைக் கதிர்! சாமைக் கதிர் கிளை பிரிந்து தளர்வாக இருக்கும் என்பது கல்வராயன் மலையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பையின் மேல் தமிழ் போலத் தோன்றிய எழுத்துக்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்றுகூட எழுத்தாக இல்லை.

இந்தப் படத்துக்கு "மண் சட்டியில் மஞ்சள் தானியம்" என்று எழுதினால் படத்துக்கு உண்மை, சரக்குக்குப் பொய். "சாமை அரிசி" என்று எழுதினால் சரக்குக்கு உண்மை, ஆனால் பார்வையுள்ளவர் ஒன்றையும் பார்வையற்றவர் வேறொன்றையும் வாங்குவதாக நினைப்பார்கள். படம் பொய்யாக இருந்தால் எந்த வரியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே அதைத் தள்ளிவிட்டு, உண்மையான 500 கிராம் பையைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்து, பின்னணியை மட்டும் மாற்றச் சொன்னோம். அப்போதும் பையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிட வேண்டும். பின்னணியை மாற்றும் சாக்கில் லேபிளையும் அது திருத்தி வரைந்துவிடுவது உண்டு. எடை எண்ணே மாறிவிடும்.

இனி எழுதுவதற்கு வருவோம். எழுத இடங்கள் இரண்டு. ஒன்று, ஆல்ட் டெக்ஸ்ட் எனப்படும் மாற்று உரை. இது திரையில் தெரியாது, ஸ்கிரீன் ரீடர் மட்டும் படிக்கும். இன்னொன்று, படத்தின் கீழே எல்லோருக்கும் தெரியும் விளக்க வரி. முதலாவதில் பார்வையுள்ளவர் ஒரு நொடியில் கண்ணால் அறிந்துகொள்வதை எழுத வேண்டும். இரண்டாவதில் இருவருக்குமே தெரிய வேண்டியதை. நம் சாமைப் பைக்கு இணையப் பக்கத்தில் மாற்று உரை இப்படி அமைந்தது:

```html
<img src="saamai-500.jpg" lang="ta"
 alt="சாமை அரிசி, 500 கிராம் பை. உள்ளே தெரியும் மணிகள் மிகச் சிறியவை, சாம்பல் கலந்த வெள்ளை நிறம்.">
```

கீழே தெரியும் வரி இது: "உமி நீக்கிய சாமை அரிசி, 500 கிராம், விலை 70 ரூபாய். பின்னணி கணினியில் உருவாக்கியது. மண் சட்டி விற்பனைக்கு அல்ல."

பெயரை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இருபது சரக்குகளைக் கடந்து போகிறவர் முதல் இரண்டு சொற்களைக் கேட்டதும் அடுத்ததற்குத் தாவுவார். "அழகிய மலைக் கிராமத்தின் பின்னணியில்" என்று தொடங்கினால் பெயர் வருமுன் போய்விடுவார். "படம்" என்ற சொல்லும் வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். விலையை மாற்று உரையில் எழுதவில்லை. அது நம் கண்ணுக்குத் தெரியாத இடம்; விலை ஏறும்போது கீழ் வரியைத் திருத்துவோம், அதை மறந்துவிடுவோம். எடையிலும் இந்த ஆபத்து உண்டு. 500 கிராம் பக்கத்தை நகலெடுத்து 1 கிலோ பக்கம் தயாரிப்பவர்கள் படத்தை மாற்றிவிட்டுப் பழைய உரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டவர் அரைக்கிலோ என்று நினைத்து இரண்டு பை ஆர்டர் செய்வார். திரும்பி வரும் சரக்கின் லாரிச் செலவு நம் தலையில்தான்.

கடுக்காய்க்கு வேறு சிக்கல். முழுக் காயா, கொட்டை நீக்கிய தோலா, பொடியா என்பதைப் பார்வையுள்ளவர் பார்த்ததும் அறிவார். மருந்துக்கு வாங்குகிறவர் கொட்டையை நீக்கித்தான் பயன்படுத்துவார் என்பதால் இது விலையையே பாதிக்கும் செய்தி. "கடுக்காய், முழுக் காய், கொட்டையுடன். உலர்ந்து வரிவரியாகச் சுருங்கியது, பழுப்பு நிறம்" என்றால் போதும். தேன் படத்தில் பாட்டிலுக்குப் பக்கத்தில் தேனடை வரைந்திருந்தால், அடை சேர்ந்து வராது என்று கீழே சொல்லிவிட வேண்டும். வெறும் அலங்காரக் கோடு, பூ வேலைப் படங்களுக்கு `alt=""` என்று காலியாக விடலாம். ஸ்கிரீன் ரீடர் அவற்றைத் தாண்டிப் போகும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் படத்தோடு சேர்த்து எழுதும் வரியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. "500கி" என்றால் "ஐநூறு கி" என்றே படிக்கும். கிராம், ரூபாய் என்று முழுதாக எழுதுங்கள். வரிசையாகப் போடும் சிரிப்பு முகங்களையும் பூக்களையும் அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அச்சகத்தார் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தந்ததை அப்படியே ஒட்டினால் கண்ணுக்கும் உளறல், காதுக்கும் உளறல். யூனிகோடில் அடித்துத் தரும்படி கேளுங்கள்.

விலைப்பட்டியல் முழுவதையும் ஒரே சுவரொட்டிப் படமாக்கி அனுப்பும் வழக்கமும் நம்மிடம் உள்ளது. பொட்டலச் சரக்கை இணையத்தில் விற்கும்போது பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி போன்றவற்றை விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் எடையளவுச் சட்ட விதி. அவற்றைப் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாகவே போட்டால் விதியும் நிறைவேறும், கேட்பவருக்கும் கேட்கும்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசி அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குச் சென்று டாக்பேக்கை இயக்குங்கள். அது இயங்கும்போது ஒருமுறை தொட்டால் பெயரை மட்டும் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் இயக்கிவிட்டு, நிறுத்த வழி தெரியாமல் கடைப் பையனைக் கூப்பிட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. பிறகு திரையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சரக்கைப் பார்க்காத ஒருவரைக் கேட்கச் சொல்லி, என்ன சரக்கு, எவ்வளவு, பையா பாட்டிலா என்று கேளுங்கள். எங்கள் சோதனையில் சாமையைச் சரியாகச் சொன்ன கணக்குப்பிள்ளை கடுக்காயில் தடுமாறினார். "கொட்டையுடன்" என்ற சொல்லை அப்போதுதான் சேர்த்தோம்.